மெயினை அணைத்தோம்... ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது!

இரவு 9 மணி. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு, செல்போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்தேன்.

"அத்தை, வீட்ல தீப்பிடிச்சிருச்சுன்னு வெச்சுக்குங்க. நாங்க யாரும் இல்ல. மெயினை ஆஃப் பண்ணுங்க பார்ப்போம்."

"நல்லா வெச்சுக்கச் சொன்னே போ! விளக்கு வெச்ச நேரத்துல என்ன பேச்சு இது?" என்றார் மாமியார். இருந்தாலும் எழுந்தார். அவருக்கு 71 வயது. பகலில் பெரும்பாலும் வீட்டில் தனியாக இருப்பவர் அவர்தான். அதனால்தான் அவரைக் கேட்டேன்.

படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது மெயின் பாக்ஸ். அதற்கு முன்னால் செருப்பு ஸ்டாண்டு. பாக்ஸின் மேல் துணிக்கடை காலண்டர். சின்ன வயதில் மகள் ஏறிக் கைவைக்கிறாள் என்று போட்ட பூட்டு இன்னும் தொங்குகிறது. சாவி சமையலறையில், உடைந்த டம்ளர் ஒன்றில். அத்தை போய் அதை எடுத்துவந்து, காலண்டரைக் கழற்றி, செருப்பு ஸ்டாண்டைத் தாண்டி எக்கிக் கதவைத் திறந்தபோது உள்ளே ஒன்பது நெம்புகோல்கள். எல்லாமே ஒரே கறுப்பு. இடது பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகத் தட்டினார். ஏ.சி. நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. கடைசியில் வலது ஓரத்தில் இருந்த பெரியது கீழே இறங்கியது. 1 நிமிடம் 52 விநாடி.

"அவ்ளோதானே? அணைச்சாச்சு" என்று அவர் கையைத் தட்டிக்கொண்டபோது, மகள் மேலே பார்த்தாள்.

"பாட்டி, ஃபேன் இன்னும் சுத்துதே?"

ஃபேன் மட்டுமா? ஹால் டியூப்லைட் எரிந்தது, வைஃபை பெட்டி கண்சிமிட்டியது, டி.வி. பக்கத்து பிளக்கில் செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. மெயின் அணைந்த வீட்டில் 230 வோல்ட் ஓடிக்கொண்டிருந்தது. படிக்கட்டின் கீழ், மெயின் பாக்ஸுக்கு இரண்டடி தள்ளி, இன்வெர்ட்டர் நிதானமாக 'பீப்' என்றது.

தீ, வெள்ளம், ஷாக் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து வீட்டில் ஒரு தாள் எழுதி ஒட்ட வேண்டும் என்பதுதான் ஆசிரியர் குழு எனக்குக் கொடுத்த வேலை. "மெயினை உடனே அணைக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஒற்றை வரி எங்கள் வீட்டிலேயே பொய்யாகிவிட்டது.

இன்வெர்ட்டர் எனும் இரண்டாவது கரண்ட் ஆபீஸ்

மறுநாள் காலையில் எங்கள் தெரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். பாக்ஸைத் திறந்து பார்த்தவர், "இது ஒரு வீடு இல்லக்கா, ரெண்டு வீடு. ஈ.பி. வீடு ஒண்ணு, பேட்டரி வீடு ஒண்ணு" என்றார்.

விஷயம் இதுதான். மின்வெட்டு வந்தால் இன்வெர்ட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் பேட்டரிக்கு மாறி, லைட், ஃபேன் லைன்களுக்குக் கரண்ட் கொடுக்கும். அதற்காகத்தான் அதை வாங்கினோம். மெயினை நாம் கையால் அணைத்தாலும் அதற்கு மின்வெட்டாகத்தான் தெரியும். நாம் ஆபத்தில் அணைத்தோமா, ஈ.பி.காரர் பராமரிப்புக்கு அணைத்தாரா என்று அந்தப் பெட்டி எப்படி அறியும்? விசுவாசமாக உடனே கரண்டை எடுத்துக் கொடுக்கிறது.

சரி, இன்வெர்ட்டரின் முன்பக்க பட்டனை மட்டும் அணைத்தால்? அதுவும் போதாது. பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களில் அந்த பட்டன் பேட்டரியைத்தான் நிறுத்துகிறது. ஈ.பி. கரண்ட் இருக்கும்வரை அது இன்வெர்ட்டருக்குள் நுழைந்து, அப்படியே வெளியேறி, வீட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும். மெயினை மட்டும் அணைத்தால் பேட்டரி எடுத்துக் கொடுக்கும், பட்டனை மட்டும் அணைத்தால் ஈ.பி. எடுத்துக் கொடுக்கும். ஆக, இரண்டையும் அணைத்தால்தான் வீடு அணையும்.

எலக்ட்ரீஷியன் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. எங்கள் பாக்ஸில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது. ஷாக் அடித்தால் தானாக விழுந்து உயிரைக் காப்பாற்றுகிற, டெஸ்ட் பட்டன் வைத்த அகலமான சுவிட்ச். ஆனால் அது இன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கிறது. யாருக்காவது ஷாக் அடித்து ஆர்.சி.சி.பி. விழுந்தால், அடுத்த கணமே இன்வெர்ட்டர் "கரண்ட் போய்விட்டது" என்று எண்ணி அதே லைனுக்கு பேட்டரியில் இருந்து கொடுக்க ஆரம்பித்துவிடும். நியூட்ரல் ஒயரை எப்படி இணைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, ஷாக் தொடரவும் வாய்ப்பு உண்டு. நியூட்ரல்களைக் கலந்துவிட்ட வீடுகளில் இன்னொரு கூத்தும் நடக்கும்: ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் அடிக்கடி விழும், "தொல்லை பண்ணுது" என்று சொல்லி அதையே கழற்றி நேரடியாக இணைத்துவிடுவார்கள். உங்கள் பாக்ஸில் டெஸ்ட் பட்டன் உள்ள சுவிட்ச் எதுவும் இல்லையென்றால், இந்தக் கதை உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம்.

தீர்வு ஒன்றும் பெரிதில்லை. இன்வெர்ட்டரில் இருந்து வீட்டுக்குள் போகும் லைனில், மெயின் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே, பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் ஒன்றைப் போட வேண்டும். அதை இறக்கினால் ஈ.பி. வழியாக வருவதும் நிற்கும், பேட்டரி வழியாக வருவதும் நிற்கும். சில நூறு ரூபாய்ப் பொருள், ஒரு மணி நேர வேலை. எங்கள் வீட்டில் அன்றே போட்டாகிவிட்டது. மெயினுக்குச் சிவப்பு டேப், இதற்கும் சிவப்பு டேப். "ரெண்டு செகப்பையும் இறக்கு." அத்தைக்கு இனி இது போதும்.

> பெட்டிச் செய்தி: உங்கள் வீட்டில் எத்தனை மெயின்?
>
> தாள் எழுத உட்காரும் முன் ஒரு பகல் நேரத்தில் எண்ணிப் பாருங்கள்.
>
> மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சர்வீஸ் இருக்கிறதா? 100 யூனிட் இலவசக் கணக்குக்காக இரண்டு மீட்டர் வைத்த வீடுகளில் மெயினும் இரண்டு. மாடி மெயினை அணைத்துவிட்டுக் கீழே ஒயரைத் தொடுவார்கள்.
>
> போர் மோட்டாருக்குத் தனி இணைப்பா? அதற்கும் ஒரு மெயின் உண்டு.
>
> மூன்று பேஸ் வீட்டில் திருகும் பேஸ் சேஞ்சர் இருந்தால், அது மெயின் அல்ல. அவசரத்தில் அதைத் திருகினால் கரண்ட் வேறு பேஸில் இருந்து வரும், அவ்வளவுதான்.
>
> கூரையில் சோலார் இருந்தால்: ஈ.பி. நின்றதும் ஆன் கிரிட் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். ஆனால் வெயில் இருக்கும்வரை பேனலில் இருந்து இறங்கும் டி.சி. ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதற்கான டி.சி. சுவிட்ச் எங்கே என்று பொருத்தியவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஷாக்: எம்.சி.பி.க்கு நீங்கள் ஒரு குண்டு பல்பு

மூன்று ஆபத்துகளில் விநாடிக் கணக்கு முக்கியமாவது ஷாக்கில்தான். நம்மில் பலருக்கும் ஒரு தைரியம் இருக்கிறது: "எங்க வீட்ல எம்.சி.பி. போட்டிருக்கோம், ஷாக் அடிச்சா ட்ரிப் ஆயிடும்." ஆகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈரக் கையோடு இருப்பவரின் உடல் மின்சாரத்துக்குக் காட்டும் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 0.23 ஆம்பியர். அறுபது வாட் குண்டு பல்பு இழுக்கிற மின்சாரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு பிளக் லைனில் இருக்கும் எம்.சி.பி. 16 ஆம்பியர் வரை பேசாமல் இருக்கும்படி செய்யப்பட்டது. மனிதர் ஒருவர் துடித்துக்கொண்டிருப்பது அதற்கு ஒரு குண்டு பல்பு எரிகிற மாதிரிதான். ஒயர் சூடாகிவிடாமல் காப்பது அதன் வேலை, மனிதரைக் காப்பது அதன் வேலையல்ல.

மனித உடலோ, அதற்கு மிகக் கீழேயே தோற்றுவிடுகிறது. ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியரில், அதாவது ஆம்பியரில் நூறில் ஒரு பங்கில், கைத்தசைகள் இறுகிக்கொள்ளும். பிடித்ததை விட நினைத்தாலும் விட முடியாது. "கரண்ட் இழுத்துப் பிடிச்சிடுச்சு" என்று சொல்வோமே, இழுப்பது கரண்ட் இல்லை, இறுகிய நம் சதை. அதைவிடச் சில மடங்கு கூடி, சில நொடிகள் நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி வடிவமைக்கப்பட்டிருப்பது இதனால்தான். ஆர்.சி.டி. பொருத்துங்கள் என்று மின்வாரியம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வதும் இந்தக் குடும்பச் சாதனத்தைத்தான். ஆனால் அதுவும் எல்லாம் வல்லதல்ல. ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், உள்ளே போன மின்சாரம் அப்படியே திரும்பி வருவதால் கசிவு என்று அதற்குத் தெரியாது.

இனி ஒரு காட்சி. காலை நேரம். ஈரக் கையோடு மாவு தள்ளிக்கொண்டிருப்பவரை கிரைண்டர் பிடித்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார்? ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுப்பார். அதுதான் இயல்பு. அதுதான் இரண்டாவது ஆளையும் வீழ்த்துவது.

தாளில் இந்த இடத்தில் எழுத வேண்டிய முதல் சொல், "தொடாதே". அடுத்தது, "கத்து". ஒருவர் கத்தினால் இன்னொருவர் மெயினுக்கு ஓடலாம். தனியாக இருந்தால்? கிரைண்டரின் பிளக் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில், அவர் உடலைத் தாண்டிப் போகாமல் எட்டுமென்றால் அதைத் தட்டலாம். நம் ஊரில் ஒவ்வொரு பிளக்குக்கும் சுவிட்ச் இருப்பது பெரிய வசதி. ஆனால் வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் கிரைண்டரில் உயிர் இருக்கும். அதனால் சுவிட்சைத் தட்டியும் அவர் கை விடுபடவில்லையென்றால் ஒரு நொடியும் யோசிக்காமல் மெயினுக்குப் போக வேண்டும். மெயின் தூரமாக இருந்தால், காய்ந்த பிளாஸ்டிக் நாற்காலியாலோ மரக் கட்டையாலோ அவர் கையைக் கருவியில் இருந்து தள்ளிவிடலாம். நிற்கும் தரை காய்ந்திருக்க வேண்டும். கையில் எடுத்தது ஈர விளக்குமாறாக இருந்தால் அதுவும் கம்பிதான்.

அணைத்த பிறகுதான் தொட வேண்டும். மூச்சு இல்லையென்றால் 108-க்கு ஒருவர் பேச, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை. பார்க்க நன்றாக எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

மெயின் உதவாத ஷாக் ஒன்றும் இருக்கிறது. மொட்டைமாடியில் துணி காயப்போடும் இரும்புக் கம்பி. கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் அதில் உரசித் தோல் கிழிந்தால், கம்பி முழுக்கக் கரண்ட். அந்த ஒயர் மீட்டருக்கும் மெயினுக்கும் முன்னால் இருக்கிறது. கீழே ஓடிப்போய் மெயினை இறக்கினால் வீடு இருட்டாகும், கம்பி அப்படியே இருக்கும். இதை நிறுத்த கம்பத்தில்தான் துண்டிக்க வேண்டும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. இந்த ஒரு காரணத்துக்காகவே இரும்புக் கம்பியை இன்றே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டலாம். எங்கள் வீட்டில் கட்டியாயிற்று.

வெள்ளம்: வாசலில் தண்ணீர், உள்ளே இன்வெர்ட்டர்

வேளச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் ஒருமுறை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுமுறை, வீட்டுக்குள் தண்ணீர் எப்படி ஏறும் என்று பார்த்தவர்கள் நாங்கள். முன்வாசல் வழியாக வரும் என்று காத்திருப்போம். அது பின்பக்கக் குளியலறைச் சாக்கடைத் துளை வழியாகச் சத்தமில்லாமல் பொங்கி, கட்டிலுக்கு அடியில் வந்து நிற்கும்.

இரண்டு முறையும் நான் கண்ட தவறு ஒன்றுதான். எல்லோரும் பொருட்களைக் காப்பாற்றினோம். ஃபிரிட்ஜைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்தோம், பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்தோம், வண்டியைப் பாலத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினோம். மெயின் ஞாபகம் வந்தபோது முழங்கால் தண்ணீர். படிக்கட்டின் கீழே இருட்டு.

அந்த நேரத்தில் போகக் கூடாது. இதுதான் எங்கள் தாளின் முதல் வரி, மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில்: தண்ணீரில் நின்றுகொண்டு மெயின் பக்கம் போகாதே. ஹாலில் இருக்கும் பிளக்குகளில் கீழ்வரிசை தரையில் இருந்து ஓர் அடி உயரம்தான். ஃபிரிட்ஜின் கம்பிரஸர் அதைவிடக் கீழே. இன்வெர்ட்டரை நாம் டிராலியில் தரையோடு தரையாக வைத்திருக்கிறோம். தண்ணீர் கணுக்காலைத் தாண்டும்போது இவற்றில் ஏதோ ஒன்று ஏற்கெனவே நனைந்திருக்கும். தெருவில் கரண்ட் இல்லை என்ற நம்பிக்கையும் கூடாது. ஈ.பி. போயிருந்தாலும் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதுவும் செத்திருந்தாலும், நீங்கள் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே ஈ.பி. திரும்பி வரலாம்.

ஆகவே வெள்ளத்துக்கான நேரம் தண்ணீர் வீட்டுக்குள் வரும் நேரமல்ல, தெருவில் ஏறும் நேரம். எங்கள் கேட்டின் கீழ்க் கம்பியில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். தண்ணீர் அதைத் தொட்டால், மழை நின்றாலும் நிற்காவிட்டாலும், கீழ்த்தளம் அணைய வேண்டும். செல்போன்களுக்கும் டார்ச்சுக்கும் அதற்கு முன்பே சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். தொட்டதும் இரண்டு சிவப்பு நெம்புகோல்கள். பிறகு இன்வெர்ட்டர் முன்பக்க பட்டன், அதன் பிளக். இருட்டில் உட்கார எல்லோரும் தயங்குவார்கள். அதற்குத்தான் சார்ஜ் ஏறிய டார்ச். இன்வெர்ட்டரை மாடிப்படி திரும்பும் இடத்துக்கு ஏற்றினால் நல்லது. நாங்கள் ஏற்றிவிட்டோம், பேட்டரியைத் தூக்கியவர்களுக்குத்தான் முதுகு பிடித்துக்கொண்டது.

அபார்ட்மென்ட்காரர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். உங்கள் ஃபிளாட்டுக்குள் இருக்கும் பாக்ஸை அணைத்தால் ஃபிளாட் மட்டும்தான் அணையும். மீட்டர் அறை தரைத்தளத்தில், கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் இருக்கும். அங்கே தண்ணீர் ஏறினால் மீட்டர்கள், அவற்றுக்கு வரும் பெரிய கேபிள், எல்லாமே உயிரோடுதான். வண்டியை எடுக்கக் கீழே இறங்குகிறவருக்கு இது தெரிவதில்லை. அந்த அறையைத் துண்டிப்பது பில்லர் பாக்ஸில், மின்வாரியத்தின் கையில். உங்கள் சர்வீஸ் எண்ணும், அருகிலுள்ள கம்பம் அல்லது பில்லர் பாக்ஸின் எண்ணும் தாளில் இருந்தால், போனில் பேசும்போது இடத்தை விளக்கும் நேரம் மிச்சம்.

தண்ணீர் வடிந்த மறுநாள்தான் அடுத்த கண்டம். தெருவில் கரண்ட் வந்துவிட்டது என்றதும் எல்லோரும் மெயினைத் தூக்குவோம். நனைந்த பிளக்குக்குள் சேறு உலர்ந்திருக்காது. தண்ணீரில் மூழ்கிய எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே துரு பிடித்து, தேவைப்படும்போது விழாமல் போகும். அவற்றை மாற்றத்தான் வேண்டும், காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது. எலக்ட்ரீஷியன் மெக்கர் கருவியால் ஒயர்களின் காப்பைச் சோதித்து, லைன் லைனாகத்தான் திறக்க வேண்டும். டெஸ்டரை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு "எல்லாம் ஓகே" என்பவரை நம்ப வேண்டாம்.

> பெட்டிச் செய்தி: அணைந்ததா என்று எப்படித் தெரியும்?
>
> மீட்டரில் ஒரு சிறு சிவப்புப் புள்ளி துடித்துக்கொண்டிருக்கும். வீடு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு வேகமாகத் துடிக்கும். மெயினை இறக்கினால் துடிப்பு நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் நீங்கள் இறக்கியது மெயின் அல்ல.
>
> ஆனால் இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடுவதை மீட்டர் அறியாது. அதற்குச் சோதனை, ஃபேனை அண்ணாந்து பார்ப்பதுதான்.
>
> மெயின் அணைந்த பிறகும் மீட்டர், அதன் மேல் வரும் ஒயர், சீல் வைத்த கட்டவுட் எல்லாம் உயிரோடு இருக்கும். அவற்றில் கைவைக்கும் உரிமை மின்வாரிய ஊழியருக்கு மட்டுமே.

தீ: அணைக்காமல் ஓட வேண்டிய நேரமும் உண்டு

தீயில் மெயினை அணைப்பது நல்லதுதான். ஷார்ட் சர்க்யூட்டால் வந்த தீயாக இருந்தால் அதற்குத் தீனி நிற்கும். தண்ணீர் ஊற்றுகிறவருக்கு ஷாக் அடிக்காது. ஆனால் இங்கே நான் மற்ற இரண்டையும் விடக் கறாராக ஒன்றைச் சொல்வேன்: மெயின் நீங்கள் வெளியேறும் வழியில் இருந்தால் மட்டும் அணையுங்கள். தீயைத் தாண்டியோ புகைக்குள் புகுந்தோ போக வேண்டியிருந்தால், அல்லது மெயின் பாக்ஸே எரிந்தால், விட்டுவிடுங்கள். வெளியே வந்து 101-க்குச் சொல்லுங்கள். கம்பத்தில் துண்டிக்கும் ஏற்பாடு அதன் பிறகு நடக்கும்.

இரவில் இன்னொரு கணக்கும் உண்டு. மெயினை அணைத்தால் விளக்கும் அணையும். உள்ளறையில் குழந்தையோ பெரியவரோ தூங்கினால், அவர்களை வெளியே கொண்டுவந்த பிறகே நெம்புகோல். எங்கள் வீட்டில் ஒவ்வொரு தலையணைக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன டார்ச் வந்தது இந்த யோசனைக்குப் பிறகுதான்.

கேஸ் வாசனை வந்தால் விதி தலைகீழ். அப்போது எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. மெயின் உட்பட. நெம்புகோல் இறங்கும்போது உள்ளே தெறிக்கும் ஒரு சிறு பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் பேச வேண்டும். "ஆபத்து என்றால் உடனே மெயினை அணை" என்று வீட்டில் பழக்கிவிட்டு இந்த விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால், தாளே ஆளைக் கொன்றுவிடும்.

படிக்கட்டின் கீழ் எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடும் வீடுகள் எங்கள் தெருவில் மட்டும் ஏழு. அதில் நான்கு வீடுகளில் ஸ்கூட்டருக்கு நேர் மேலே மீட்டர் பெட்டி. லித்தியம் பேட்டரி ஒருமுறை எரிய ஆரம்பித்துவிட்டால் மெயினை அணைப்பதால் அது நிற்காது. அதன் தீனி அதற்குள்ளேயே இருக்கிறது. மெயினும், வெளியேறும் வழியும், ஸ்கூட்டரும் ஒரே இடத்தில் இருந்தால் மேலே சொன்ன எந்த விதியும் செல்லாது. ஸ்கூட்டரை இடம் மாற்றத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுத் தாள்

இத்தனையும் கேட்டு, இரண்டு முறை எழுதிக் கிழித்து, மூன்றாவது முறை இப்படி வந்தது. ஒரே பக்கம். பெரிய எழுத்து. நடுவில் எங்கள் பாக்ஸின் புகைப்படம், இரண்டு நெம்புகோலில் சிவப்பு வட்டம். வேறு வீட்டுத் தாளை நகலெடுத்து ஒட்டுவதில் பயனில்லை, அந்த வீட்டின் பாக்ஸ் வேறு.

> தண்ணீரில் நின்றுகொண்டு மெயின் பக்கம் போகாதே.
> கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதே.
>
> மெயின்: படிக்கட்டுக்கு அடியில். பூட்டு இல்லை. இரண்டு சிவப்பையும் கீழே இறக்கு. ஃபேன் நிற்கிறதா பார்.
>
> ஷாக்: ஆளைத் தொடாதே. கத்து. இரண்டு சிவப்பு. பிறகு தொடு. 108.
>
> வெள்ளம்: கேட்டின் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் இரண்டு சிவப்பு. இன்வெர்ட்டர் பட்டன், பிளக். எலக்ட்ரீஷியன் சொல்லும்வரை திரும்பப் போடாதே.
>
> தீ: முதலில் ஆட்கள். போகும் வழியில் இருந்தால் இரண்டு சிவப்பு. திரும்பி வராதே. 101.
>
> மாடிக் கம்பியில் கரண்ட்: மெயின் உதவாது. யாரையும் நெருங்க விடாதே. 94987 94987. சர்வீஸ் எண், கம்பத்து எண் கீழே.
>
> தானாக விழுந்த சுவிட்சை உடனே தூக்கிவிடாதே. ஏன் விழுந்தது என்று முதலில் தெரிய வேண்டும்.

கடைசி வரி எலக்ட்ரீஷியன் கேட்டுச் சேர்த்தது. "ட்ரிப் ஆனா மறுபடி மறுபடி தூக்கிப் போடுறாங்கக்கா. அது சொல்றதைக் கேக்கவே மாட்டேங்கிறாங்க."

ஒரு தாள் மெயின் பாக்ஸின் கதவிலும், ஒன்று ஃபிரிட்ஜ் மேலும் ஒட்டியிருக்கிறது. வேலைக்கு வரும் அம்மாவுக்குப் படிக்க வராது. அவருக்குப் படமும் சிவப்பு டேப்பும்தான் தாள். நெம்புகோல் ஐந்தே முக்கால் அடி உயரத்தில் இருப்பதால் மகளுக்கு எட்டவில்லை. ஒரு முழ நீள பி.வி.சி. பைப் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. பாக்ஸை அடைத்துக்கொண்டிருந்த செருப்பு ஸ்டாண்டு மாடிப்படியின் மறுபக்கம் போய்விட்டது. காலண்டர் சமையலறைக்கு. மாதம் பிறந்தால் முதல் ஞாயிறு ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்ப்பது மகளின் பொறுப்பு. விழாவிட்டால் அது அலங்காரப் பொருள், மாற்ற வேண்டும்.

போன வாரம் மீண்டும் ஸ்டாப்வாட்ச். இந்த முறை விளக்குகளையும் அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில்.

"மறுபடியுமா?" என்றார் அத்தை. எழுந்து, டார்ச்சை எடுத்து, நடந்து, கதவைத் திறந்து, இரண்டையும் இறக்கினார். 19 விநாடி. பிறகு தலையை அண்ணாந்து ஹால் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது மெல்ல மெல்லச் சுற்றி, நின்றது.

"இப்ப சரியா?" என்று கேட்டுவிட்டு, "சீக்கிரம் போடு, சீரியல் வந்துடும்" என்றார்.